முன்னூற்று எழுபத்தோரு ரூபாய் கௌரவம்

சகலை பரமசிவம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், பாங்க் கொடுத்த 'கடன் பாக்கி இல்லை' கடிதத்தைக் கையில் பிடித்தபடி ரோஜா மாலையோடு நின்றதிலிருந்து வரதராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. படத்துக்குக் கீழே 'கடனில்லாப் பெருவாழ்வு' என்று பொன்னிற எழுத்து. நூற்றுப் பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அதில் இருபது பேராவது பரமசிவத்துக்கே கைமாற்று கொடுத்துவிட்டு, அது திரும்பி வராமல் காத்துக் கிடப்பவர்கள்.

வரதராஜன் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், ஓரிக்கை ரோட்டுக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் துணைச் செயலாளர். சங்கத்தில் செயலாளர் என்று ஒருவர் இல்லவே இல்லாததால் துணைக்குக் கூடுதல் கம்பீரம். மூன்றரை வருஷத்துக்கு முன்பு, புதுமனை புகுவிழாவுக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட ஐந்து லட்சம் பர்சனல் லோன் எடுத்தவர். பதினைந்து சதவீத வட்டி, நாற்பத்தெட்டு தவணை, மாதம் பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. நாற்பத்திரண்டு போய்விட்டது. மீதி ஆறு.

இந்த நேரம் பார்த்து, முடிந்த சீட்டுப் பணம் எண்பத்தைந்தாயிரம் கைக்கு வந்தது.

"சகல, இதுல யோசிக்க இன்னா இருக்குது?" என்றார் பரமசிவம், டீயை ஆற்றிக்கொண்டே. "மொத்த வட்டி ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். நாப்பத்தெட்டால வகுத்தா மாசம் மூவாயிரத்து ஐநூறு. ஆறு மாசத்துக்கு இருபத்தோராயிரம். இன்னிக்கே குளோஸ் பண்ணா அம்புட்டும் மிச்சம். நான் அப்டித்தான் பண்ணேன்."

வரதராஜனின் மனக்கண்ணில் மாலை விழுந்தது. பரமசிவத்துக்கு ரோஜா என்றால் தனக்குச் சம்பங்கி.

வரதராஜனின் மனைவி பொன்னிக்கு அந்த எண்பத்தைந்தாயிரத்தின் மேல் வேறு கண். பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுவதும் ஃபால்ஸ் தைப்பதும் அவள் தொழில். வீட்டின் முன்னறையில் இரண்டு பெண்களை வைத்துச் செய்துகொண்டிருந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில், புடவை எடுக்க வருகிறவர்கள் நடந்து போகிற தெருவிலேயே, ஜான்சன் வாடகைக்கு விட்டிருந்த கடை ஒன்று காலியாகியிருந்தது. அட்வான்ஸ் எழுபதாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் மொபைல் கவர் விற்கிறவனுக்குப் போய்விடும். இன்றைக்கு வியாழன்.

"கடன முடிச்சிட்டா மாசாமாசம் பதினாலாயிரம் கையில நிக்கும். அதுல கடை எடுத்துக்கலாம்" என்றார் வரதராஜன்.

"எழுபது சேர அஞ்சு மாசம் ஆவும். ஜான்சன் அண்ணன் அதுவரிக்கும் சாவிய கையில வச்சிக்கினு நிப்பாரா?"

"இருபத்தோராயிரம் லாபத்த உட்டுட்டுக் கடை வேணுமா உனக்கு? சகல கணக்கு போட்டுட்டாரு."

பொன்னி செராக்ஸ் கடைக்குப் போய், பாங்க் மெயிலில் அனுப்பியிருந்த தவணை அட்டவணையை பிரிண்ட் போட்டு வாங்கிவந்தாள். குஞ்சத்துக்கு இழை எண்ணும் அதே பொறுமையோடு பென்சிலை வைத்துக் கடைசி ஆறு வரிகளைக் கூட்டினாள். பிறகு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நானும் பாங்குக்கு வர்றேன்" என்றாள்.

பரமசிவமும் வந்தார். போட்டோ எடுக்க ஆள் வேண்டுமே.

லோன் சீட்டில் நதியா என்ற இளம்பெண் இருந்தாள். வரதராஜன் நாற்காலியில் உட்காராமல், சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற தோரணையில் அறிவித்தார்: "என் கடனை நான் முன்கூட்டியே முடிக்க முடிவு பண்ணியிருக்கேன்."

அவள் எழுந்து கைதட்டவில்லை. "லோன் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள்.

"மேனேஜர் வந்து லெட்டர கையில குடுத்தா போட்டோவுக்கு நல்லாருக்கும்மா" என்றார் பரமசிவம்.

"லெட்டர் மெயில்ல வரும் சார். பத்து நாள் ஆகும்."

வரதராஜன் திரும்பிச் சகலையைப் பார்த்தார். அப்படியானால் ஸ்டேட்டஸில் இருந்தது இவரே கலர் பிரிண்ட் போட்டு, இவரே மாலை வாங்கி, இவரே பிடித்துக்கொண்டது. பரமசிவம் சீலிங் ஃபேன் மிக அவசரமாகக் கவனிக்க வேண்டிய பொருள் என்பதுபோல் அதைப் பார்த்தார்.

"ஏம்மா" என்று பொன்னி முன்னால் வந்தாள். "இன்னிக்கே முடிச்சா மொத்தம் எவ்ளோ கட்டணும், முடிக்காம ஆறு மாசம் கட்டுனா மொத்தம் எவ்ளோன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் குடேன்."

நதியா எழுதினாள். அசல் பாக்கி 79,957. ஐந்தாம் தேதி தவணை போனதிலிருந்து இன்று ஒன்பதாம் தேதி வரை நான்கு நாள் வட்டி 131. முன்கூட்டி முடிப்பதற்கான சார்ஜ், பாக்கியில் நாலு சதவீதம், 3,198. அந்த சார்ஜுக்கு ஜிஎஸ்டி 576. ஆகமொத்தம் 83,862.

பக்கத்தில்: ஆறு தவணை (கடைசியதில் ஒரு ரூபாய் கூடுதல்), 83,491.

வரதராஜன் இரண்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துடைத்ததால் எண் மாறவில்லை.

"இன்னாம்மா இது? சீக்கிரம் கட்டுனா முன்னூத்தி எழுபத்தோரு ரூபா அதிகமா கட்டணுமா? இருபத்தோராயிரம் வட்டி எங்க போச்சு?"

"வட்டி எல்லா மாசமும் ஒரே மாதிரி இல்ல சார். பாக்கி அசலுக்குத்தான் வட்டி. முதல் தவணையில ஆறாயிரத்து இருநூத்தம்பது வட்டி. அடுத்த தவணையில வெறும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. கடைசித் தவணையில நூத்தி எழுபத்திரண்டு. ஆறையும் கூட்டினா…"

"மூவாயிரத்து ஐநூத்து முப்பத்திநாலு" என்றாள் பொன்னி.

நதியா திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். "அவ்ளோதான் மிச்சம். சார்ஜும் ஜிஎஸ்டியும் அதவிட அதிகம். ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் வட்டிய ஏற்கெனவே கட்டிட்டீங்க சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பணம் கொண்டு வந்திருந்தா, சார்ஜ் போக ஐம்பதாயிரத்துக்கு மேல லாபம்."

"சகல, நீங்க குளோஸ் பண்ணப்போ எத்தன தவணை பாக்கி?" என்று வரதராஜன் மெதுவாகக் கேட்டார்.

"அது… நாலோ, அஞ்சோ."

"சார்ஜு?"

"அதெல்லாம் யாரு பாத்தா. வண்டி வெயில்ல நிக்கிது, தோ வர்றேன்" என்று பரமசிவம் வெளியேறினார். அவர் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தியதை வரதராஜன் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

"வீட்லயே கூட்டிப் பாத்துட்டியா நீ? அங்கியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா சகல கணக்கு போட்டுட்டாருன்னுவீங்க" என்றாள் பொன்னி. குரலில் கேலி இருந்ததா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. இருந்தது.

வரதராஜன் இப்போதுதான் உட்கார்ந்தார். முன்னூற்று எழுபத்தோரு ரூபாய் கொடுத்தால் மாலை, ஸ்டேட்டஸ், நூறு கும்பிடு. கொடுக்காவிட்டால் கடை. தொகை சின்னதுதான், ஒரு முழு நிமிஷம் அவர் நிஜமாகவே யோசித்தார். பிறகு, பணம் கட்டி வாங்குகிற கும்பிடு எவ்வளவு மலிவு என்பதைச் சகலையின் முகத்தில் பார்த்துவிட்ட நினைப்பு வந்தது. எழுந்தார்.

"மேடம், பாங்குக்கு வருமானம் வேணுந்தான், ஆனா என் காசுல வேணாம். தவணை அதும்பாட்டுக்குப் போவட்டும்."

அந்த வாசகத்தை யாரும் குறித்துக்கொள்ளாதது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மத்தியானத்துக்குள் ஜான்சனின் கையில் எழுபதாயிரம் இருந்தது. பொன்னி காலி கடைக்குள் சாணால் சுவரை அளந்து, மெஷின் இங்கே, குஞ்சம் கட்ட கம்பி அங்கே என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக முன்னறையில் குனிந்தே இருந்தவள், இங்கே நிமிர்ந்து நின்று கையை வீசினால் இடிக்க எதுவும் இல்லை என்பது வரதராஜனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அவருக்கும் பிடித்திருந்தது.

வாசலில் ஜான்சன் ரசீது எழுதிக்கொண்டே, வீட்டு மராமத்துக்காகத் தானும் ஒரு லோன் எடுத்திருப்பதைச் சொன்னார்.

வரதராஜன் உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன தவணை போச்சு? வகுத்துக் கிகுத்துப் பாத்துடாதீங்க ஜான்சன், விவரம் தெரியாதவங்க பண்ற வேல அது. வட்டிங்கறது பாக்கி அசலுக்குத்தான், தெரியுமில்ல? அட்டவணைய எடுத்தாங்க, நான் பாத்துச் சொல்றேன்."

உள்ளேயிருந்து பொன்னி எட்டிப் பார்த்து, பென்சிலை அவரிடம் நீட்டினாள்.