வலைக்குப் பின்னால் ஒரு முகச்சுளிப்பு

கத்திரி என்ற பட்டப்பெயர் ஸ்டுடியோவில் சேர்ந்த இரண்டாம் வாரமே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. செருப்பு, சோபா, நாய்க்குட்டி, தலைவிரி கோலத்தில் ஒரு மாடல் பெண் என்று எதைக் கொடுத்தாலும் பின்னணியிலிருந்து நறுக்கென்று வெட்டி எடுத்துக் கொடுத்துவிடுவாள். திரைச்சீலைக் கடைகளின் விளம்பரப் புத்தக வேலை வர ஆரம்பித்த பிறகு அவளுக்கு மவுசு கூடிப்போனது. முதலாளி யாரையும் வாய்விட்டுப் பாராட்டாத ஆள். அவரே, "திரை, புகை, கண்ணாடி எது வந்தாலும் கத்திரிகிட்ட தள்ளிடுங்க, நாம தலையிடாம இருந்தாலே அது ஒழுங்கா முடியும்" என்று சொல்லிவிட்டார்.

மெல்லிய திரையை வெட்டுவது செருப்பை வெட்டுகிற மாதிரி இல்லை. செருப்புக்கு ஓரம் உண்டு. மெல்லிய திரையில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதில் திரையும் இருக்கும், பின்னால் இருக்கிற சுவரும் இருக்கும். அதனால் முதலில் ட்ரைமேப் என்று ஒன்றைத் தீட்டித் தர வேண்டும். நிச்சயமாகத் திரைதான் என்ற இடத்துக்கு வெள்ளை, நிச்சயமாகத் திரை இல்லை என்ற இடத்துக்குக் கறுப்பு, தெரியாத இடத்துக்குச் சாம்பல். சாம்பலில் மட்டும் கணினி மண்டையை உடைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் திரை எத்தனை பங்கு, பின்னால் இருப்பது எத்தனை பங்கு என்று கணக்குப் போடும். அந்தப் பங்குக்குப் பெயர் ஆல்ஃபா. ஒன்று என்றால் முழுக்கத் திரை, பூஜ்யம் என்றால் திரையே இல்லை. வெள்ளையிலும் கறுப்பிலும் அது கை வைக்காது. நீ சொன்னால் சரி என்று அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

கத்திரிக்குச் சாம்பல் என்றாலே கொஞ்சம் இளக்காரம். தெரியாது என்று சொல்ல எதற்குச் சம்பளம் வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி. சாம்பல் குறைந்தால் கணினி தடுமாறுவதும் குறையும் என்பது தொழிலில் உண்மைதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு திமிர் பிடித்தவர்களை நாம் பார்த்ததே இல்லையா என்ன.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு லிப்ட் மெக்கானிக் வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் கிரீஸ் கறை, அதைக் கழுவிக் கழுவித் தோலே சிவந்திருந்தது. ஒரு புதுப் போனை மேஜைமேல் வைத்து ஒரே ஒரு படத்தைக் காட்டினான். தொட்டிலில் ஒரு பச்சைக்குழந்தை, மேலே கொசுவலை. வலை லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் இருந்ததால் இழைகள் தெரியவில்லை, வெண்புகை படர்ந்த மாதிரி இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் அந்தப் புகை பட்டை பட்டையாகத் தடித்திருந்தது.

"பதினோரு நாள்தான் இருந்தான் அக்கா" என்றான். "எடுத்த படமெல்லாம் பழைய போன்ல இருந்துச்சு. அவனப் பறிகொடுத்துட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாள் வேலைக்குப் போனேன், போன் கை நழுவி லிப்ட் குழிக்குள்ள விழுந்துடுச்சு. ஏழு மாடி. இது ஒண்ண மட்டும் எங்க அக்காவுக்கு அனுப்பியிருந்தேன், அதான் மிஞ்சுச்சு."

மறுநாளே ஏன் வேலைக்குப் போனாய் என்று கத்திரி கேட்கவில்லை. வீட்டில் இருக்க முடியாதவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"வலைய மட்டும் எடுத்துடணும். என் பொண்டாட்டிக்கு அவன் முகத்தப் பாக்கணும். நான்தான் இந்த வலைய மூணு மடிப்பா போட்டுத் தொலைச்சேன். ஒரு மடிப்பு போட்டிருந்தா முகம் தெரிஞ்சிருக்கும்."

கத்திரி படத்தைத் தன் கணினிக்கு ஏற்றிக்கொண்டாள். புதன்கிழமை வரச் சொன்னாள்.

வழக்கமாக அவள் திரையை எடுத்து வேறு சுவரில் ஒட்டுவாள், பின்னால் இருந்ததைத் தூக்கிப் போடுவாள். இங்கே தலைகீழ். ஒவ்வொரு புள்ளியிலும் வலையின் பங்கைக் கழித்துவிட்டு, மிச்சம் கிடைக்கும் குழந்தையைப் பழைய பிரகாசத்துக்கு ஏற்ற வேண்டும். வலை கிழிந்து விலகியிருந்த மூலையில் போர்வை நேராகத் தெரிந்தது, அங்கே கறுப்பு. கொத்தாகச் சேர்ந்த மடிப்புகளில் வெள்ளை. கன்னத்தின்மேல் சாம்பல். குழந்தையின் புருவங்களுக்கு நடுவே இரண்டு சின்னக் கோடுகள் நெட்டாக ஓடின. வெளிச்சமான கோடும் ஒட்டினாற்போல் நிழலும், மடிப்புகள் ஓடிய அதே போக்கில். இதுவும் மடிப்புதான் என்று வெள்ளையைப் பூசினாள். வெள்ளை பூசிய இடத்தில் பின்னால் ஒன்றும் கிடைக்காது, முழுக்க வலை என்று ஆகிவிடும். அங்கெல்லாம் பக்கத்துத் தோலை எடுத்து நிரப்பினாள். மழமழவென்று வந்தது. நிம்மதியாகத் தூங்குகிற ஒரு குழந்தை. அவளுக்கே கண் கலங்கியது, அதோடு கொஞ்சம் பெருமையும்.

புதன்கிழமை மெக்கானிக் வந்து பார்த்தான். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை அவன் மனைவி வந்தாள். தனியாகத்தான் மேலே வந்தாள். படத்தை உறையோடு மேஜைமேல் வைத்தாள். கோபமாக இருந்திருந்தால் கத்திரி சமாளித்திருப்பாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"ரொம்ப அழகா இருக்கு அக்கா. ஆனா இது எங்க பையன் இல்ல."

"இதே படம்தாம்மா. வலைய மட்டும்தான் எடுத்தேன்."

"அவன் ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்ல. தூங்கும்போதும் புருவத்த சுளிச்சுக்கிட்டேதான் இருப்பான். இவங்கள நம்பி எதுக்கு வந்தோம்னு யோசிக்கிற மாதிரி. அவர் பாத்துட்டு அழுதாரு, அதனால நான் ஒண்ணும் சொல்லல. அவருக்கு முகம் மறக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கும் மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

கத்திரி மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தாள். மடிப்பு என்றால் போர்வையிலிருந்து நெற்றி வரை தொடர்ந்து ஓட வேண்டும். இவை புருவத்தில் தொடங்கிப் புருவத்திலேயே முடிந்தன. பதினாறு வருஷ அனுபவம் என்று அவள் தோளில் தூக்கித் திரிந்தது அந்த நிமிஷம் பொசுக்கென்று இறங்கிப்போனது. ஒரு குழந்தையின் முகத்தில் இருந்த ஒரே குணத்தை, வலை என்று முடிவுகட்டி அவளே துடைத்திருந்தாள்.

"தப்பு என்னோடது" என்றாள். "எனக்குத் தெரியாத எடத்துல தெரியும்னு போட்டுட்டேன்."

ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். பழைய ட்ரைமேப்பை முகம் முழுக்கச் சாம்பலாக்கினாள். தன் வாழ்க்கையில் இவ்வளவு சாம்பலை அவள் பூசியதில்லை. பிறகு கணினியில் தீட்டுகிற பேனாவை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு வலையத்தான் தெரியும். அவன உனக்குத்தான் தெரியும். எது நிச்சயமா வலைன்னு உனக்குத் தெரியுதோ, அதுல மட்டும் வெள்ளை போடு. சந்தேகம் இருந்தா கை வைக்காத."

அவள் முதலில் பயந்து பயந்துதான் தொட்டாள். "இது வலை." ஒரு சின்னக் கோடு. "இது காது மடல், இங்க மடங்கியிருக்கும், எங்க மாமனாருக்கும் அப்படித்தான்." கை வைக்கவில்லை. "இது வலை. இது பால் குடிச்ச தடம், உதட்டுமேல தோல் உரிஞ்சிருக்கும்." நேரம் போனதே தெரியவில்லை. பதினோரு நாளில் ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமா என்று கத்திரிக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் வீட்டுக்காரரின் காது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சரியாக ஞாபகம் வரவில்லை.

கணக்கு ஓடி முடிந்ததும் வலையின் பங்கைக் கழித்தார்கள். புகை விலகியது. முகம் முன்பு போல மழமழப்பாக வரவில்லை, கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் வந்தது. ஆனால் புருவத்துக்கு நடுவே அந்த இரண்டு கோடுகளும் இருந்தன. பதினோரு நாள் வயதில் உலகத்தின்மேல் அவ்வளவு அதிருப்தி.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இடது கண்ணின்மேல் மட்டும் ஒரு பட்டை மிச்சம் இருந்தது. மூன்று மடிப்பும் ஒன்றாகச் சேர்ந்த இடம், ஆல்ஃபா ஏறக்குறைய ஒன்று. அங்கே குழந்தையின் பங்கு அவ்வளவு சொற்பம், பிரகாசத்தை ஏற்ற ஏற்ற வெறும் புள்ளிப் புள்ளிக் குப்பைதான் வந்தது.

"இங்க ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா வலது கண்ணத் திருப்பி ஒட்டிடலாம், யாருக்கும் தெரியாது."

"வேண்டாம் அக்கா. அங்க வலையே இருக்கட்டும்." முகத்தைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குழந்தையின் நெற்றியை, கன்னத்தை, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையோ தேடுகிறாள் என்று கத்திரி நினைத்தாள்.

"அவர் கீழதான் நிக்கிறாரு" என்றாள் அந்தப் பெண். "மேல வரச் சொல்லவா?"

மெக்கானிக் மேலே வந்து வாசலிலேயே நின்றான். தான் வாங்கிவந்த படத்தை மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டாளே என்ற தவிப்பு முகத்தில் இருந்தது. அவள் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அவன் பார்த்தான். "கோவமா இருக்கான்" என்றான் மெதுவாக.

"எப்பவும் அப்படித்தானே இருப்பான்."

"ஆமா." அவன் விரல் திரையில் புருவத்தைத் தொடாமல் தொட்டது. பிறகு இடது கண்ணின்மேல் இருந்த பட்டையில் வந்து நின்றது. "இங்க மட்டும் போகலியா? அந்தப் பாழாப்போன மூணு மடிப்பு."

"அதத் திட்டாதீங்க" என்றாள் அவள். "நெத்தியப் பாருங்க. கன்னத்தப் பாருங்க, கையப் பாருங்க. நான் இவ்வளவு நேரம் தேடிட்டேன். ஒரு கொசுக்கடிகூட இல்ல."

மெக்கானிக் பார்த்தான். நெற்றி, கன்னம், அந்தச் சின்னக் கை. பிறகு கிரீஸ் கறை படிந்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கத்திரி சத்தமில்லாமல் எழுந்து, படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.