எட்டு ஜிபி கார்டு

எங்கள் குழுவில் என்னை 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதாயிரம் பேர் இருக்கிற இணையக் குழு அது. கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றிப் பேசிப் பேசியே ஆயுளைக் கழிக்கிற கூட்டம். புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்தால் மற்றவர்கள் வீடியோ பார்ப்பார்கள். நான் விவரத்தாளைப் படிப்பேன். வெளியான அன்றே தாளை இறக்கிச் சேமித்து, கணக்குப் போடும் கோர் எத்தனை, கைக்கெட்டும் சின்ன நினைவகமான கேஷ் எவ்வளவு, மெமரிக்குப் போகும் தடம் எத்தனை பிட் அகலம் என்று என் அட்டவணையில் ஏற்றிவிடுவேன். பதினோரு வருடத்தில் அதில் ஒரு எண்கூடத் தப்பாக இருந்ததில்லை. அந்தத் திமிர்தான் குடி கெடுத்தது.

அக்கா வீட்டுக்காரர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். நாணயமான மனிதர். ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். ஆனால் கேஷ், கோர் எதுவும் தெரியாது. பெட்டியில் போட்டிருப்பதை வாசித்துச் சொல்வார், அவ்வளவுதான். "அதெல்லாம் உன் டிபார்ட்மெண்ட் மாப்ள" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். கார்டின் உள்விவரங்களைப் படித்துச் சொல்லும் சின்ன மென்பொருளின் திரை. 'கார்டு புதுசு. விளையாட்டு எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஏன்?' என்று கேட்டிருந்தார். வாங்கிய கடையின் பெயரும் இருந்தது. அத்தான் கடை.

திரையைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் சூடேறியது. என் அட்டவணைப்படி அந்த கார்டுக்கு 12 ஜிபி மெமரி, 192 பிட் அகலம், 2560 கோர், 3 எம்பி கேஷ். திரையில் இருந்ததோ 8 ஜிபி, 128 பிட், 2304 கோர், 2 எம்பி. பெயர் மட்டும் அதே பெயர். கணக்கு ரொம்ப எளிது. ஒரு தடத்தில் நொடிக்கு 14 ஜிகாபிட் ஓடுகிறது. 192 பிட் என்றால் 192 தடம், பெருக்கி எட்டால் வகுத்தால் 336 ஜிகாபைட். 128 என்றால் 224. அதாவது கோரில் பத்து சதவீதம்தான் குறைவு, மெமரி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கே காணோம். இந்த வகைச் சிப்பில் கேஷும் மெமரித் தடங்களோடு ஒட்டிப் பிறந்தது. ஒன்று குறைந்தால் மற்றதும் அதே விகிதத்தில் குறையும். எல்லாம் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தியது. மட்டமான சிப்பில் உயர்ந்த கார்டின் பெயரை எழுதி விற்பது இந்தத் தொழிலில் பழைய மோசடி. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அத்தானுக்கு ஃபோன் செய்தேன்.

"கம்பெனி பெட்டி மாப்ள. சீலைக்கூட நான் பிரிக்கல. பெட்டியிலயே எட்டு ஜிபின்னு போட்டிருக்கே?"

"இந்தப் பேர்ல எட்டு ஜிபி கார்டே கிடையாது அத்தான். உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே எழுதினேன். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணக்கைப் போட்டுக் காட்டி, போலி என்று தீர்ப்பு எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'கடைக்காரர் என் சொந்த அக்கா கணவர். உறவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று எனக்குக் கிடையாது.' அவர் ஏமாந்தவர் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதினால் பதிவின் காரம் குறைந்துவிடும் என்று தோன்றியது. மூவாயிரம் பேர் கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நாலே நாளில் கடையின் பெயர் நாறிப்போனது. அந்தக் கடையில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள்கூட ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். கடைக் கதவில் யாரோ பெயிண்டால் 'திருடன்' என்று எழுதினார்கள். அத்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த கார்டை வாங்கின பதினோரு பேரையும் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கார்டுகளை வாங்கிக்கொண்டார். பிறகு மொத்த வியாபாரியிடம் போய், "போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டியே" என்று அவர் அலுவலகத்திலேயே சத்தம் போட்டார். அந்த ஆள் அன்றோடு சரக்கை நிறுத்தினார். மற்ற வியாபாரிகளிடமும் சொல்லி வைத்தார். இரண்டு மாதத்தில் கடையைக் காலி செய்யும் நிலை. நான் அக்காவிடம், "போலி விக்கிற மார்க்கெட்டே அப்படித்தான்" என்று ஆறுதல் வேறு சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

போன செவ்வாய்க்கிழமை வேறு யாரோ கேட்ட கேள்விக்காக அதே கார்டின் விவரத்தாளைத் தயாரிப்பாளரின் தளத்தில் திறந்தேன். என்னிடம் சேமித்திருந்த தாள் மூன்று பக்கம். தளத்தில் இருந்தது நாலு பக்கம். திருத்திய பதிப்பு, நான் தீர்ப்பு எழுதுவதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. நாலாம் பக்கத்தில் அதே பெயரின் கீழ் இன்னொரு கார்டு: 8 ஜிபி, 128 பிட், 2304 கோர், 2 எம்பி, 224. சத்தமில்லாமல் அதே பெயரில் இளைத்த கார்டு ஒன்றை விட்டிருக்கிறார்கள். அயோக்கியத்தனம்தான். ஆனால் போலி இல்லை. அத்தான் பெட்டியில் இருந்ததைத்தான் விற்றிருக்கிறார். வெளியான நாளின் தாளை நகை மாதிரிப் பூட்டி வைத்த நான், புதுத் தாளை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

உடனே கடைக்குப் போனேன்.

பாதி கதவு இறக்கியிருந்தது. அக்கா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் சுவர் அலமாரியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஃபோனை நீட்டி, நாலாம் பக்கத்தைக் காட்டி, எண் எண்ணாகச் சொன்னேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார். புரியவில்லை என்று தெரிந்தது.

"அப்ப... நான் வித்தது நல்ல கார்டா?"

"நல்ல கார்டுதான் அத்தான். உங்க மேல தப்பே இல்ல. இப்பவே எழுதிடறேன். அந்தப் பதினோரு கார்டையும் படம் எடுத்துப் போடலாம். மொத்த வியாபாரிகிட்ட நானே வந்து காலைப் பிடிக்கிறேன்."

"நான் பதினோரு பேர்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டேன் மாப்ள" என்றார். "தெரியாம ஏமாத்திட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். அதுல ஒரு பையன் என் மூஞ்சியில துப்பலை, அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கார்டு எங்க அத்தான்?" என்றேன்.

அவர் மறுபடி அலமாரியைக் கழற்றத் திரும்பிக்கொண்டார். அக்காதான் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பையை இழுத்து என் காலடியில் போட்டாள். உள்ளே கண்ணாடி நொறுங்குகிற மாதிரி சத்தம். திறந்து பார்த்தேன். பச்சைப் பலகைத் துண்டுகள், வளைந்த விசிறிகள், சில்லுச் சில்லாக மெமரிச் சிப்புகள்.

"திருப்பி வந்த அன்னிக்கே சுத்தியல் எடுத்துட்டு உக்காந்தாரு" என்றாள் அக்கா. "வேற எவன் கையிலயும் சிக்கி இன்னொருத்தன் ஏமாறக் கூடாதாம். ஒவ்வொண்ணா உடைச்சாரு. நான் தடுத்தேன்டா. 'உன் தம்பி எண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கான், அவன் தப்பா சொல்ல மாட்டான்'னு என் கையைத் தட்டிவிட்டாரு."