எலும்போரத்துச் சிவப்பு

கனகலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்காமல் போனது மாசியில். முதலில் சோறு நெஞ்சுக்கு மேலே நிற்கிறது என்றார். பிறகு தேநீரில் தோய்த்த பாணும் நின்றது. நாள் முழுக்க வாழைத்தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிற மனுசன், அரைக்கோப்பைக் கஞ்சிக்கு முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மனைவி இராசமலர் அவரை யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் இரண்டு தடவை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, அவரை வெளியில் இருக்கவிட்டு அவளிடம் மட்டும் கதைத்தார்.

"தொண்டைக்குக் கீழை வளர்ந்திட்டுது அம்மா. வெட்டி எடுக்கிற இடத்திலை இல்லை. அவர் சாப்பிடக்கூடிய மட்டும் நல்லாச் சாப்பிடட்டும். முட்டை குடுங்கோ, கோழி குடுங்கோ. ஆனா இறைச்சி மெதுவா இருக்கோணும். தும்பு தும்பா இருந்தால் அடைச்சுப்போடும்."

நீர்வேலியிலுள்ள வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். நோயை விடவும் அந்தக் கடைசி வார்த்தைகள்தான் அவளை அழுத்தின. ஏனென்றால் அவளுடைய வீட்டில் பல வருடங்களாகக் கோழி என்றால் தும்புதான்.

மகள் குணலட்சுமி உயிரோடு இருந்த காலத்தில் அப்படி இல்லை. ஒரு ஐப்பசி மாதம், பிள்ளைக்கு அப்போது நாலு வயது. கனகலிங்கத்தின் தமக்கை நாகேஸ்வரி கோப்பாயிலிருந்து வந்திருந்தாள். அவளுக்காக இராசமலர் இளம் பேட்டுக்கோழி ஒன்றை அடித்துக் குழம்பு வைத்தாள். எல்லாரும் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள். பிள்ளை கோழிக்காலைக் கடித்துக்கொண்டு முற்றமெல்லாம் ஓடித்திரிந்தது. நாகேஸ்வரி தன் தட்டிலிருந்த துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எலும்போடை இரத்தம் நிக்குது பிள்ளை. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்" என்று சொல்லி அதைத் தள்ளிவைத்தாள்.

அடுத்த நாள் பிள்ளைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. சத்தியும் சேர்ந்துகொண்டது, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. சைக்கிளில் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிள்ளை தங்கவில்லை. அந்த ஐப்பசி மழைக்கு ஊரில் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இதேமாதிரிப் படுத்திருந்தன. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. பிள்ளையைக் கிடத்தியிருந்த பாயடியில் நின்று நாகேஸ்வரி சொன்னாள்.

"பச்சை இறைச்சி. நான் அண்டைக்கே சொன்னனான்."

கனகலிங்கம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீ வெந்திட்டுதோ எண்டு பாத்தனி தானே?"

கறியை இறக்குமுன் அவள் பார்த்திருந்தாள். தொடைத் துண்டின் தடித்த இடத்தில் தென்னை ஈர்க்கு விட்டு எடுத்தபோது தண்ணீர் சிவப்பில்லாமல் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் அவளுடைய நாக்கு அந்த நேரம் அசையவில்லை. எலும்போரத்தில் சிவப்பு இருந்தது உண்மைதானே என்று மட்டும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அதன்பிறகு வேறு பிள்ளை பிறக்கவில்லை. மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன வருடங்கள் வந்தன. வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி சமைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க அடுப்பிலேயே விட்டாள். வெந்த பிறகும் விட்டாள். நெஞ்சிறைச்சி தென்னந்தும்பு போல இழையிழையாய்ப் பிரிந்து, வாயில் போட்டால் மரத்தூள் போல அடைக்கும் வரைக்கும் விட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினார். அவர் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். இப்படிப் பேசாமல் சாப்பிடுவது அவர் எனக்குத் தரும் தண்டனை என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அந்த இறைச்சி அவருக்கு ஆகாது.

முதல் நாள் சமைத்தபோது கறியை எப்போது இறக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டியை மூடுவதும் திறப்பதுமாய் நின்றாள். ஒவ்வொரு துண்டையும் ஈர்க்கால் குத்தினாள், நம்பிக்கை வராமல் திரும்பவும் குத்தினாள். குத்திய ஓட்டையெல்லாவற்றாலும் சாறு வடிந்து இறைச்சி சுருண்டது. அவருடைய தொண்டையில் ஒரு துண்டு நின்றுவிட்டது. முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கிப்போக, அவள் அவருடைய முதுகில் அடித்து அடித்துத்தான் அது வெளியே வந்தது. அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "பரவாயில்லையப்பா" என்றார்.

அடுத்த நாள் பயத்தில் நேரத்தோடு இறக்கிவிட்டாள். நெஞ்சிறைச்சி சரியாய்த்தான் இருந்தது. ஆனால் தொடையை மூட்டடியில் பிரித்துப் பார்த்தால் சதை கண்ணாடி போல ஊடு தெரிந்தது, கசிந்த நீரும் சிவப்பு. எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். தொடை வெந்து வரும்போது நெஞ்சு காய்ந்து போயிருந்தது. அன்றைக்கு அவர் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தார். குசினிக்குள் உட்கார்ந்து அழுது முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது, காலும் நெஞ்சும் ஒரே நேரத்தில் வேகாது என்பது. இது அவளுக்குத் தெரியாத காரியம் இல்லை. கல்யாணம் முடித்த புதிதில் யோசிக்காமலே செய்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை, முட்டையிடத் தொடங்காத ஒரு பேட்டைப் பிடித்தாள். துண்டுகளுக்கு உப்புத் தடவிக் கொஞ்ச நேரம் வைத்தாள். கறித்தூள் போடவில்லை, வெங்காயம், மிளகு, இஞ்சி மட்டும். தேங்காயின் தண்ணிப்பாலில் முதலில் கால் துண்டுகளையும் தொடைத் துண்டுகளையும் போட்டாள். ஒரு கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டாள். பால் குதிக்காமல், ஓரத்தில் மட்டும் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கால் பாதி வெந்தது என்று பட்ட பிறகு, பெரிதாகவே வெட்டி வைத்திருந்த நெஞ்சுத் துண்டுகளை இறக்கினாள்.

இந்த முறை எல்லாவற்றையும் குத்தவில்லை. ஆகத் தடித்த தொடைத் துண்டில், எலும்புக்குக் கிட்ட, ஒரேயொரு இடத்தில் ஈர்க்கை விட்டாள். வந்த நீர் இளஞ்சிவப்பாய் இருந்தது. மூடி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பிறகு பார்த்தபோது நீர் தெளிந்திருந்தது. காலின் நரம்பு மூட்டிலிருந்து கழன்று மேலே ஏறியிருந்தது. நெஞ்சுத் துண்டொன்றை அகப்பையின் முதுகால் அமத்தினாள். பச்சையில் சோர்ந்து அமுங்குகிற சதை இப்போது அமுங்கித் திரும்ப எழும்பியது. குதிக்கால் போல இறுகவும் இல்லை. ஒரு முனையைக் கிள்ளிப் பார்த்தாள். உள்ளுக்கும் வெள்ளை, ஆனால் ஈரம். கெட்டியான முதற்பாலை விட்டு, கொதிக்க விடாமல் சூடு ஏறியதும் இறக்கி மூடிவைத்தாள்.

அவருக்கு ஊட்டுவதற்காக ஒரு காலை எடுத்துச் சதையைப் பிரித்தாள். எலும்போரத்தில் சிவப்பு.

பிள்ளை கையில் வைத்துக் கடித்துக்கொண்டு ஓடிய அதே கால், அதே நிறம். சட்டியோடு கொண்டுபோய் வேலிக்கு வெளியே கொட்டிவிட நினைத்தாள். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. அவள் அந்த ஒரு காலை மட்டும் சின்னச் சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, நல்லாய் எரியவிட்டாள். தண்ணீர் வற்றியது. திரும்ப ஊற்றினாள். சதை தானாகக் கழன்று விழுந்து நைந்துபோய், அதற்கு மேல் வேகுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தது. எலும்பை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

சிவப்பு கறுத்திருந்தது. ஆனால் போகவில்லை. எலும்பை முறித்தாள். உள்ளே இருந்த மஜ்ஜையின் நிறம்தான் அது. இளம் எலும்பினூடாக வெளியே ஊறிச் சதையில் பிடித்திருந்தது. பச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு எலும்புத் துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"இஞ்சருங்கோ. இதைப் பாருங்கோ. வத்த வத்த அவிச்சனான். இன்னும் சிவப்பு."

அவர் எலும்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்டைக்கும் இளம் பேடு தான். அண்டைக்கும் வெந்து தான் இருந்தது. நான் பாத்தனான். ஈர்க்கு விட்டுப் பாத்தனான். தண்ணி தெளிவா வந்தது."

"அது எனக்குத் தெரியுமே" என்றார் கனகலிங்கம். குரல் கரகரத்தது.

"தெரியுமெண்டால் ஏன் அப்பிடிக் கேட்டனீங்கள்? பிள்ளையைக் கிடத்தி வைச்சுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னாலை?"

அவர் திகைத்துப்போனார். "அக்கா நிண்டவ எல்லே. நீ 'ஓம், பாத்தனான்' எண்டு அவவின்ரை முகத்துக்கு நேரை சொல்லோணும் எண்டு தான் கேட்டனான். நீ வாயே திறக்கேல்லை. உனக்கே உன்னிலை சந்தேகமாக்கும் எண்டு நினைச்சன். திரும்பக் கேட்டால் நோகுமே எண்டு விட்டிட்டன்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் காயவைச்சுத் தந்ததை ஏன் பேசாமல் திண்டனீங்கள்?"

"பயத்திலை சமைக்கிறாய் எண்டு தெரியும். நான் குறை சொன்னால், நானும் உன்னைத்தான் பிழை சொல்லுறன் எண்டு நினைப்பாய். அதுதான் திண்டனான்."

அவள் அவருடைய மடியில் முகத்தைப் புதைத்துக் கத்தி அழுதாள். பிள்ளை போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கறி ஆறப்போகுது. கொண்டுவா" என்றார் கடைசியில்.

நெஞ்சுத் துண்டை விரலால் மசித்து, பாலில் தோய்த்து, கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்டினாள். அவர் பயந்து பயந்து விழுங்கினார். இறங்கியது. இன்னொரு வாய்க்கு அவராகவே வாயைத் திறந்தார்.

"மெதுவா இருக்கு" என்றார். "ருசியாயும் இருக்கு."

அதன்பிறகு சில வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. சாப்பாடு முடிந்ததும் இருவரும் குணலட்சுமியைப் பற்றிக் கதைத்தார்கள். பிள்ளை வாழைப்பூப் பொத்தியைப் பொம்மை என்று சொல்லி, அவருடைய சால்வையைத் தொட்டிலாகக் கட்டுவித்து ஆட்டியதை அவர் சொன்னார். அது அவளுக்குத் தெரியாது, தோட்டத்தில் நடந்தது. பிள்ளை நித்திரையில் சிரிக்கும் விதத்தை அவள் சொன்னாள். அது அவருக்குத் தெரியாது. தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்த பிள்ளையை, இருவரும் சேர்ந்து பார்க்க அவ்வளவு காலம் எடுத்திருந்தது. பிறகு அவருடைய குரல் போய்விட்டது. இறைச்சியும் இறங்கவில்லை, சாறு மட்டும். ஆனியில் சாறும் நின்றது.

செத்தவீட்டுக்கு நாகேஸ்வரி வந்து தலையிலடித்து அழுதாள். எல்லாரும் போனபிறகு இராசமலருக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு கேட்டாள்.

"தம்பி கடைசியா வாய்க்கு விருப்பமா என்னத்தைச் சாப்பிட்டவன்?"

"கோழி, மச்சாள். நான் சமைச்சது."

நாகேஸ்வரி இராசமலரின் கையைத் தேடிப் பிடித்தாள். இராசமலர் கையை இழுக்கவில்லை. அவளுக்கு இப்போது மச்சாளில் கோபம் இல்லை. அவளுடைய நெஞ்சை அறுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகள். ஒருவரை ஒருவர் நோகப்படுத்தக்கூடாது என்று எதிரெதிரே வாய்பேசாமல் உட்கார்ந்து, காய்ந்த இறைச்சியை மென்று கழித்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.