ஓசிப் படிப்பு

அந்த வீட்டு மருமகள்கள் இருவரும் ஒரே ஆன்லைன் கோர்ஸைத்தான் படித்தார்கள். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கான மூன்று மாதப் படிப்பு. பெரியவள் காசு கட்டிச் சேர்ந்தாள். சின்னவள் இலவசமாகச் சேர்ந்தாள். வீடியோக்களைப் பார்க்கலாம், பரீட்சையும் சர்டிபிகேட்டும் கிடையாது.

இரண்டாவது வாரமே பெரியவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு மண்டையில ஏறல. நீ செஞ்சு குடேன்."

சின்னவள் எல்லாப் பயிற்சிகளையும் செய்து, அவள் பெயரில் பரீட்சையும் எழுதிக் கொடுத்தாள். நகரப் பேருந்துகள் ஏன் தாமதமாகின்றன என்று அலசும் கடைசி ப்ராஜெக்ட் மட்டும் பதினோரு நாளை விழுங்கியது.

சர்டிபிகேட் வந்ததும் பெரியவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். வாழ்த்துகள் குவிந்தன. நாத்தனார், "சின்ன அண்ணியும் படிச்சாங்களே?" என்று கேட்டாள். பெரியவளின் பதில் எல்லோர் கண்ணிலும் பட்டது: "அவ ஓசியில வீடியோ பாத்தா. அதுக்கெல்லாம் யாரு வேலை குடுப்பா?"

சின்னவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஒரே கம்பெனிக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். பேருந்து ப்ராஜெக்டைத் தன்னுடையது என்று இணைத்திருந்த பெரியவளுக்கு இன்டர்வியூ வந்தது. சின்னவளுக்கு 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரி மெயில்.

"அந்த பஸ் ப்ராஜெக்ட ஒரு தடவ சொல்லிக் குடு," என்றாள் பெரியவள்.

"சர்டிபிகேட்தான் இருக்கே, அக்கா. அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

அன்று மதியமே சின்னவள், தேதி போட்டுச் சேமித்திருந்த பேருந்து ப்ராஜெக்டின் வரைவுகளையெல்லாம் இன்டர்வியூ எடுக்கவிருந்த மேலாளருக்கு அனுப்பினாள். கீழே ஒரே ஒரு கேள்வி: 'இதைத் தன்னுடையது என்று அனுப்பியவரிடம், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை ஏன் நீக்கினீர்கள் என்று கேளுங்கள்.'

இன்டர்வியூ முடிந்து வந்த பெரியவள் செருப்பைக் கழற்றாமலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவள் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் அந்த மேலாளரே போன் செய்தார்.

"நானூறு விண்ணப்பத்துல சலிச்சு எடுக்கறவங்கதான் சர்டிபிகேட்ட பாப்பாங்க. என்கிட்ட வந்துட்டா, இலவசமோ காசு கட்டினதோ ரெண்டும் ஒண்ணுதான். செஞ்ச வேலைய பத்தி பேச முடியுதான்னு பாப்பேன். உங்க வேலை சுத்தமா இருக்கு."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆனா அவங்க பேர்ல பரீட்சை எழுதினதும் நீங்கதான? அப்படிப்பட்டவங்கள நான் எடுக்கறதில்லம்மா."

போனை வைத்தபோது பெரியவள் வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு?"

"உங்கள இன்டர்வியூ பண்ணவங்கதான். எனக்கும் வேலை இல்லையாம்."

பெரியவளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"நீயா சொன்ன? உனக்கும்தானே போச்சு."

"போகட்டும், அக்கா," என்றாள் சின்னவள். வேலை கைநழுவியது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் வெளிறிப்போன அந்த முகத்தை அவள் ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.