ஐந்து நட்சத்திர இணைப்பு

வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணி. நாமும் அப்படியே கூப்பிடுவோம். வேலை, காது கேளாத நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே வீட்டிலிருந்தபடி வீடியோவில் சைகை மொழிபெயர்ப்பது. மருத்துவர் பேசுவதைக் கையால் சொல்வாள். நோயாளியின் கை சொல்வதை வாயால் சொல்வாள்.

அன்று மாலை மருத்துவர், "இந்த மாத்திரையை நிறுத்திடுங்க" என்றார். அண்ணி மாத்திரை என்று காட்டி, நிறுத்து என்று கையை வெட்டினாள். திரையில் நோயாளியான அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டி, மாத்திரையைத் தினமும் போடுவதாகக் கையால் சொன்னார். அந்த அம்மாளின் திரையில் அண்ணியின் படம் 'மாத்திரை' என்ற சைகையோடு உறைந்து போயிருந்தது, 'நிறுத்து' போய்ச் சேரவே இல்லை. நல்லவேளை, அங்கிருந்த நர்ஸ் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் மேற்பார்வையாளரிடமிருந்து போன்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வேலையிலேயே வச்சுக்க முடியாதும்மா."

இந்த இன்டர்நெட் இணைப்பை வாங்கி வைத்தது அண்ணிதான். வாங்க வைத்தது நாத்தனார். நாத்தனார் ஓர் இணையதளத்தில் விமர்சனம் எழுதுகிறவள். 'சொன்ன வேகம் சொன்னபடி, ஐந்து நட்சத்திரம்' என்று எழுதியிருந்தாள். அதை நம்பி அண்ணி இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். பாதியில் விட்டால் மீதி மாதங்களுக்கெல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் வாங்கியிருக்கும் வேறு கம்பெனி இணைப்பு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இரண்டு பில் கட்ட அவள் சம்பளம் காணாது. மொபைலில் வீடியோ பேசலாமென்றால் வீட்டுக்குள் டேட்டா சிக்னல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மறுநாள் மாலை நாத்தனார் மடிக்கணினியோடு வந்தாள். ரூட்டரில் நேராகக் கேபிளைச் செருகி வேகத்தைப் பார்த்தாள். திரையில் வேகம் காட்டும் முள் குதூகலமாக உச்சிக்கு ஏறியது.

"ஸ்பீடு சூப்பரா இருக்கே, அண்ணி!"

"அது எனக்கு வர்றது. நான் அனுப்புறதைப் பாரு. என் கை இங்கேருந்து போகணும்ல?"

நாத்தனார் பார்த்தாள். மாலையில் ஊரே இணையத்தில் இருக்கும் நேரம். அனுப்பும் வேகம் படுத்துக் கிடந்தது, நடுநடுவே அனுப்பியது பாதி போய்ச் சேரவே இல்லை. அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அந்த முள் அளந்தது கம்பெனியின் சொந்த சர்வர் வரை மட்டும். வெளியே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்ததும் முள் சோர்ந்து விழுந்தது.

"நான் பகல்ல, ஆபீஸ்ல, அவங்க ஓசியா குடுத்த லைன்ல டெஸ்ட் பண்ணேன். கம்ப்ளைன்ட் சொல்லவும் விமர்சகர்களுக்குன்னு தனி நம்பர்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"இப்போ எங்க நம்பருக்கு அடி. சுகம் தெரியும்."

அடித்தாள். பாட்டு கேட்டாள், ஒன்றை அழுத்தினாள், இரண்டை அழுத்தினாள், மறுபடி பாட்டு கேட்டாள். கடைசியில் வந்தவர் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு, "டவுன்லோடு ஸ்பீடு பிளான்படி வருதுங்க, லைன்ல ஃபால்ட் இல்ல" என்றார். ஃபால்ட் இல்லையென்றால் கட்டணமில்லாமல் வெளியேறவும் முடியாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். கதவு பூட்டியிருக்கிறது என்று நிரூபித்தால்தான் திறப்பார்களாம், ஆனால் அவர்கள் கணக்கில் பூட்டே கிடையாது!

நாத்தனார் அந்த வாரம் முழுக்க மாலை மாலையாக உட்கார்ந்து அளந்தாள். பழைய விமர்சனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். அனுப்பும் வேகம், மாலை நெரிசல், உறையும் வீடியோ, புகார் போனில் போகும் உயிர், வெளியேற முடியாத ஒப்பந்தம், எல்லாம் அதில் இருந்தன. வெளியிடும் முன் பதில் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடி வந்தாள்.

"இது ஒரே ஒரு வீட்டோட பிரச்சினைங்கிறாங்க, அண்ணி. உங்க வீட்டுல அளந்ததை எடுத்துட்டா, நல்லெண்ணத்துக்காக உங்களை ஒரு பைசா வாங்காம ஒப்பந்தத்துலேருந்து விட்டுடுறாங்களாம்."

அண்ணிக்கு ஆசை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே வந்தது. நாளைக்கே எதிர்வீட்டு இணைப்பு, நிம்மதி, வேலை. 'எடுத்துடு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தலையாட்டியது நினைவுக்கு வந்தது. தன்னைப் போலவே இன்னொருத்தி இன்றைக்கு எங்கோ உட்கார்ந்து விமர்சனம் தேடிக்கொண்டிருப்பாள்.

"ஒரு வரியையும் எடுக்காத."

"அப்போ நீங்க?"

"நான்தான் ஏற்கெனவே உள்ள மாட்டியாச்சே. இனிமே வர்றவங்களாவது தெரிஞ்சு வரட்டும்."

அண்ணி கணினியைத் திறந்து மேற்பார்வையாளருக்கு எழுதினாள்: 'மாலை அழைப்புகள் எனக்கு வேண்டாம். வரும் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.' எழுத்துதானே, அது மட்டும் உடனே போய்ச் சேர்ந்தது.