கட்டை எழுத்தில் போட்ட வரி

நம்பிராஜனுக்குத் தன் தமிழ் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. சுகாதார ஆய்வாளர் வேலைக்கு வந்ததால் ஒரு நல்ல மேடைப் பேச்சாளன் வீணாகிப் போனான் என்று தென்காசியில் நாலு பேரிடம் அவரே சொல்லியிருக்கிறார். போன வருஷம், 1960இல், பிறந்த பிள்ளைகளின் தொப்புளில் சாம்பல் வைக்கும் வழக்கத்தை ஒழிக்க நோட்டீஸ் அடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததும், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மேலே கொட்டை எழுத்தில் ‘தொப்புளில் சாணச் சாம்பல் வையுங்கள்!’ என்று போட்டார். பார்ப்பவன் திடுக்கிட்டு நிற்பான், நின்றவன் கீழே படிப்பான் என்பது அவர் கணக்கு. கீழே சின்ன எழுத்தில், ‘என்று சொல்லும் மூடர்களின் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் கொல்லாதீர்கள்’ என்று முடித்திருந்தார். எழுதிவிட்டுத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். சர்க்கார் முத்திரையோடு இருநூறு தாள் ஒட்டியாயிற்று.

இந்த வருஷம் சாரலுக்குக் குற்றாலத்தில் கூட்டம் சேரும்போது சுகாதாரக் கண்காட்சி போட வேண்டும். அதே சாம்பலுக்கு ஒரு படம், அடியில் விளக்கம். ஆய்க்குடிப் பக்கம் பிரசவம் பார்க்கும் உலகம்மாளைக் கண்காட்சிக்கு அழைத்துவரலாம் என்று நம்பிராஜன் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“நான் வரலை ஐயா” என்றாள் அவள். “மூடர்னு எழுதிப் போட்டிருந்தீகளே, சந்தைச் சுவத்துல இருந்ததைப் படிச்சுச் சொன்னாக, அது என்னையத்தானே? நாலு பேரு நிக்க எடத்துல வந்து நான் அதை வேற கேக்கணுமா?”

“உன்னைச் சொல்லலை உலகம்மா. சாம்பல் வைக்கிறவங்களைச் சொன்னேன்.”

“நான் வைக்கதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. நர்ஸம்மா வந்து சொன்னாக, நிறுத்திட்டேன். எங்க ஊரு இசக்கிப்பாண்டி வீட்ல போன வருஷம் பிள்ளை பொறந்தப்பவும் வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். அவன்தான் வைக்கச் சொன்னான்.”

“ஏன்?”

அவள் நடந்ததைச் சொன்னாள். இசக்கிப்பாண்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடியவன். தெருமுனைச் சுவரில் நோட்டீஸைப் படித்துவிட்டு வந்தான். அந்தத் தாளின் கீழ்ப்பாதி மேல் நாடகக்காரர்கள் தங்கள் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். மிச்சம் தெரிந்தது முத்திரையும் முதல் வரியும்தான்.

“சர்க்காரே வையுங்கன்னு சொல்லுது, ஒனக்கு என்னட்டி தெரியும்னு சண்டைக்கு வந்தான். அவங்கையாலயே வச்சான். ஏழாம் நாளு பிள்ளை பால் குடிக்கலை. வாய் கட்டிப்போச்சு. தொட்டா வெறைக்கும். ஒம்பதாம் நாளு போயிட்டு.”

நம்பிராஜன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். பேச்சாளனாம் பேச்சாளன்!

“அவனுக்குத் தெரியுமா, கீழே என்ன எழுதியிருந்ததுன்னு?”

“யாரு போய்ச் சொல்லுவா? அவன் பொஞ்சாதி தங்கத்தாய் இப்பவும் மாசமா இருக்கா. வாற மாசம் பேறுகாலம். அவனுக்கு அந்த நோட்டீஸுதான் இன்னமும் மனசுல நிக்குது. பிள்ளை போனது விதின்னு நெனைக்கான்.”

திரும்பும் வழியில் அவர் நேரே அச்சகத்துக்குச் சைக்கிளை விட்டார். தான் கொன்றது ஒரு பிள்ளையை என்று அவர் சொற்களைச் சுற்றி வளைக்காமல் தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னொரு பிள்ளையும் அதே சாம்பலுக்குப் போகப் போகிறது.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் மசூது எழுத்துப் பெட்டி முன் நின்றிருந்தார். நம்பிராஜன் நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னார். மசூது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அண்ணாச்சி, எங்கிட்ட பெரிசா விழுற மரக்கட்டை எழுத்து ஒரு வரிக்குத்தான் இருக்கு. அதுல எதைப் போடுதீகளோ அதைத்தான் ஊரு படிக்கும். போன தடவை அதுல பொய்யைப் போட்டுட்டம். கோத்தது நானுந்தானே.”

மேலிடத்திலிருந்து வந்திருந்த மாதிரித் தாளில் இடப்பக்கம் ‘மூடநம்பிக்கை’, வலப்பக்கம் ‘உண்மை’ என்று இருந்தது. நம்பிராஜன் அதை மடித்துப் பையில் வைத்தார். வருவது வரட்டும் என்று புதிதாக எழுத உட்கார்ந்தார்.

முதல் வரியில் உண்மை. அதுவும் செய்ய வேண்டிய காரியமாக. எழுதி முடித்ததும் மசூது தன் உள்ளங்கையால் கீழ்ப்பாதியை மறைத்து, மேலே தெரிவதைச் சத்தமாகப் படித்தார். பிறகு மேல்பாதியை மறைத்துக் கீழே படித்தார். எங்கே கிழிந்தாலும், எதை ஒட்டி மறைத்தாலும், தப்பான வரி தனியாக நிற்கக் கூடாது. ‘சாம்பல் புண்ணை ஆற்றும்’ என்று நம்பிராஜன் ஒரு வரியைத் தொடங்க, மசூது தலையை ஆட்டினார். “அது சரியில்லைன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் சொல்லுங்க.” ‘மூடர்’ போயிற்று. ‘அறியாமை’யும் போயிற்று. அதற்குப் பதில் என்ன எழுதுவது என்றுதான் நம்பிராஜன் வெகுநேரம் பேனாவைக் கடித்தார். சாம்பல் வைப்பவன் ஏன் வைக்கிறான்? ஈரத்தை அது உறிஞ்சுகிறது, கொடி சீக்கிரம் காய்வதுபோல் தெரிகிறது. கண்ணால் கண்டதை நம்பினான், அவ்வளவுதானே.

கண்காட்சிப் பந்தல் அருவிக்குப் போகும் வழியில் இருந்தது. ஈரத் துணியோடு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புதுத் தாளைப் படித்துக் காட்டியபின் மனசு மாறியிருந்த உலகம்மாள் இரண்டாம் நாள் மத்தியானம் வந்தாள், பின்னால் இசக்கிப்பாண்டி. எப்படி அழைத்து வந்தாளோ! அவன் படத்தின் முன் நின்று, விரலை வைத்து எழுத்துக் கூட்டினான்.

‘தொப்புள்கொடியில் எதுவும் வைக்க வேண்டாம். தானாகக் காய்ந்து விழும்.

கொடி அறுக்கும் பிளேடையும் கட்டும் நூலையும் இருபது நிமிஷம் தண்ணீரில் கொதிக்க வைக்கவும்.

சாம்பலில் மண்ணும் சாணமும் கலந்திருக்கும். அவற்றிலுள்ள கிருமி புண் வழியே ஏறி, வாய் கட்டும் சன்னி வரவைக்கும். ஆகவே சாம்பலும் ஆகாது. ஈரம் உறிஞ்சுவதைக் கண்டு, அது ஆற்றும் என நாம் எல்லோரும் நம்பி வந்தோம். வைத்தவர்கள் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றே வைத்தார்கள்.

எதுவும் வைக்காமல், சுத்தமாக, உலர விடுங்கள்.’

‘நன்றாக இருக்க வேண்டும் என்றே’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அதைத் திரும்பவும் படித்தான்.

“சுவத்துல வேற மாதிரி இருந்துச்சே” என்றான், யாரையும் பார்க்காமல்.

நம்பிராஜன் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் இந்தத் தாள் மட்டும் அவனுக்குப் போதாது. பழைய தாள் ஒன்று அவன் மனசில் ஒட்டிக் கிடக்கிறது, அதை ஒட்டியவன்தான் கிழிக்க வேண்டும்.

“அதை எழுதினது நான்தான் இசக்கிப்பாண்டி. வைக்காதீங்கன்னு கீழே போட்டிருந்தேன். மேலே தப்பைப் பெரிசாப் போட்டேன். கீழே மறைஞ்சு போச்சு. நீ படிச்சது சரியாத்தான் படிச்சே. தப்பு என்னுது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கை ஓங்குவான் என்றே நம்பிராஜன் எதிர்பார்த்தார். வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார். உலகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே பொடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

இசக்கிப்பாண்டி அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். வந்தவர்கள் விலகிப் போனார்கள். நம்பிராஜனும் அவன் பக்கத்தில் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தார்.

நெடுநேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மேஜையிலிருந்த நோட்டீஸில் ஒன்றை எடுத்து, முதல் வரியைச் சத்தமாகப் படித்தான். அடுத்த வரியையும் படித்தான்.

“நூலையும் இருவது நிமிஷமா?” என்று உலகம்மாளிடம் கேட்டான்.

“ஆமாப்பா, நூலையுந்தான்.”

“சரி” என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். நம்பிராஜன் பக்கம் திரும்பவில்லை. நாலடி போய்விட்டு நின்றான்.

“எங்க தெருவுக்கு இதை ஒட்ட வரும்போது பசையை எங்கிட்ட குடுங்க. நான் ஒட்டுதேன்.”