நெடி இல்லாத மருந்து

காரைக்காலில் பார்லர் நடத்தும் தேவிகாவுக்கு, முடியை நேராக்கும் பழைய கெரட்டின் மருந்து என்றாலே பயம். அதில் ஃபார்மால்டிஹைட் என்ற ரசாயனம் இருந்தது. சூடான அயர்னை முடியில் வைத்ததும் கிளம்பும் புகை கண்ணை எரித்து நெஞ்சை அடைக்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம் என்று அறிந்ததும் அதை விட்டுவிட்டாள். ‘ஃபார்மால்டிஹைட் இல்லாதது’ என்று போட்ட புது புட்டிக்கு மாறினாள். நெடியே இல்லை.

மண்டபத்தூர் தீபா, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் தன் சுருட்டை முடியை நேராக்க வந்தாள். தேவிகா வேர்க்கால் வரை மருந்தைத் தடவினாள்.

“அக்கா, மண்டை எரியுது.”

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா, முடிஞ்சிடும்.”

மறுநாள் காலை தீபாவின் அம்மா கனகம் போனில் அழுதாள். “வீட்டுக்கு வந்ததுலேருந்து ஒரே வாந்தி. இடுப்ப வலிக்குதுங்கிறா. ஒன்னுக்கே சரியாப் போகல. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். எம்புள்ள தலைல என்னத்தத் தடவுனீங்க?”

தேவிகா ஷட்டரை இறக்கிவிட்டுப் புட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கிளையாக்ஸிலிக் ஆசிட்’ என்றிருந்தது. அந்தப் பெயரைப் போனில் தேடினாள். வெளிநாடுகளில் இதே மருந்துக்குப் பின் இதே வாந்தி, இதே இடுப்பு வலி, சிறுநீரகப் பாதிப்பு என்று போட்டிருந்தது.

அதே புட்டியிலிருந்துதான் ஷஃபீனா என்ற இன்னொரு வாடிக்கையாளருக்கும் போட்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டாள்; போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

“சொல்லுங்கக்கா, துணி தொவச்சுட்டு இருந்தேன்.”

“உடம்புக்கு ஒன்னுமில்லையே? வாந்தி கீந்தி?”

“நல்லாத்தான் இருக்கேன். ஏன்க்கா?”

“எதுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடும்மா. கிட்னி சரியா இருக்கான்னு காட்டுற கிரியேட்டினின் பாக்கச் சொல்லு.”

புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. உண்மையைச் சொன்னால் தீபாவின் ஆட்கள் கடைக்கு வருவார்கள், போலீஸ் வரும். ஆனால் தலையில் தடவியது என்னவென்று தெரியாமல் டாக்டர் எப்படிப் பார்ப்பார்? புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

வார்டு வாசலில் தீபாவின் மாமன்கள் நின்றார்கள். பையை இறுகப் பிடித்தபடி அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். டாக்டர் சந்திரலேகா புட்டியை வாங்கிப் படித்தார்.

“கிரியேட்டினின் ஏறியிருக்கு, காரணம் புரியாம இருந்தோம். இந்த ஆசிட் மண்டைத் தோல் வழியா உள்ள போனா ஆக்ஸலேட்டுங்கிற உப்பா மாறி, கிட்னில படிகமாப் படியலாம். இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா பொருந்துது.”

“பொழச்சுடுவாளா டாக்டர்?”

“பெரும்பாலும் சரியாயிடும். யூரின் வரட்டும், பாக்கலாம்.”

கனகம் தேவிகாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தேவிகா வீட்டுக்குப் போகவில்லை. வராண்டாவில் உட்கார்ந்து, நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

சாயங்காலம் தீபாவுக்குச் சிறுநீர் பிரியத் தொடங்கியது. அடுத்தடுத்த நாட்களில் கிரியேட்டினின் இறங்கியது. ஷஃபீனாவின் டெஸ்ட்டும் சரியாக இருந்தது. தீபா வீட்டுக்குப் போகும்போது, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

“அன்னிக்கு நானும் வரேம்மா,” என்றாள் தேவிகா.

கனகம் தீபாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.